மேடையும் வேண்டாம், ஸ்டாலும் வேண்டாம்: தொழிற்கண்காட்சி அழைப்பை மறுத்து மாற்று தருவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மார்ச் மாத மாலை. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு எடை போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு தொழில் சங்கத்தின் செயலாளர். கண்காட்சியோடு சேர்த்துக் கருத்தரங்கும் நடத்துகிறார்களாம். குழாய் இணைப்பு கசியாமல் இருக்க நடுவே வைக்கும் கேஸ்கெட் பற்றி நான் அரை மணி நேரம் பேச வேண்டும், கூடவே ஒரு ஸ்டாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கிரேன் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "பார்க்கலாம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் அகராதியில் "பார்க்கலாம்" என்றால் முடியாது. அவருடைய அகராதியில் அதற்குச் சரி என்று பொருள். மூன்று வாரம் கழித்து என் புகைப்படத்தோடு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதை எனக்கு அனுப்பியவர் மணலியில் இருக்கும் என் வாடிக்கையாளர். "அந்த வாரம் எங்கள் வேலை இருக்கிறதே, யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். பிறகு விலகினேன். சங்கத்துக்கும் கெட்ட பெயர், எனக்கும் கெட்ட பெயர். முதல் நாளே முடியாது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் இரண்டாவது முறை யோசித்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட அழைப்புகளை எப்படி மறுப்பது என்று பழகிக்கொண்டேன். போன முறை நடந்ததையே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். திருவொற்றியூரில் பதினோரு பேர் வேலை செய்யும் பட்டறை என்னுடையது. ஆலைகளின் குழாய் இணைப்புகளுக்கு கேஸ்கெட் செய்கிறோம். ஏப்ரல் முதல் வாரம் அழைப்பு வந்தது. ஜூலையில், நந்தம்பாக்கத்தில், மூன்று நாள் கண்காட்சி. இரண்டாம் நாள் கருத்தரங்கில் உரை, மூன்று நாளும் ஸ்டால்.

முதல் படி: அவர்களுக்கு எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்

அழைப்பு ஒரே கடிதத்தில் வந்தாலும் அதில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. மேடைக்கு அழைப்பவருக்கு நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரம் காலியாக இருக்கிறது. அதற்கு ஒரு பெயர், ஒரு தலைப்பு, ஒரு புகைப்படம் வேண்டும். ஸ்டாலுக்கு அழைப்பவருக்குத் தரைப்படத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும், அரங்கம் நிறைந்து தெரியவும் வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளில் இந்த இரண்டையும் பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். கருத்தரங்குக் குழுவிடம் சொன்ன மறுப்பு ஸ்டால் விற்பவர் காதுக்குப் போவதில்லை. அவர் பாட்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருப்பார்.

இதை முதலில் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் மாற்று ஏற்பாடுதான். எங்கள் தொழிலில், குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வளையமான ஃபிளான்ஜின் அளவு தெரியாமல் கேஸ்கெட் வெட்ட மாட்டோம். உரைக்கு ஆள் தேடுபவரிடம் "விழா மலரில் ஒரு விளம்பரம் தருகிறேன்" என்றால் அவருடைய அரை மணி நேரம் அப்படியே காலியாகத்தான் கிடக்கும். ஸ்டால் விற்பவரிடம் "நல்ல பேச்சாளர் ஒருவரைச் சொல்கிறேன்" என்றால் அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த நாள் மறுபடியும் கூப்பிடுவார். எது காலியோ அதற்குத்தான் மாற்று.

எதற்கும் மாற்று தேவைப்படாத அழைப்புகளும் உண்டு. "உங்களுக்கு விருது தேர்வாகியிருக்கிறது, பங்கேற்புக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வரும் மின்னஞ்சல்களும், பேசுவதற்குப் பேச்சாளரிடமே காசு கேட்கும் மாநாடுகளும் அந்த வகை. ஒரே வரியில் "விருப்பமில்லை" என்று அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டாலும் குற்றமில்லை.

இரண்டாம் படி: ஸ்டாலின் கணக்கை உண்மையாகப் போட்டுப் பாருங்கள்

மறுக்கத்தானே போகிறோம், கணக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் எண் கையில் இல்லாமல் மறுத்தால், "பாதி விலைக்குத் தருகிறோம்" என்றதும் மனம் ஆடிவிடும். வழக்கமான சின்ன ஸ்டால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். சுவர்ப் பலகை, பெயர்ப் பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில விளக்குகள் அதற்குள் வரும். ஒரு பேச்சுக்கு சதுர மீட்டர் 10,000 ரூபாய் என்று வையுங்கள். வாடகை 90,000. அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 16,200. மொத்தம் 1,06,200. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கூடுதல் மின்சாரம், கூடுதல் மேசை, அச்சடித்த பின்புறத் திரை எல்லாம் தனிக் கணக்கு.

ஆனால் எனக்குக் கடிப்பது இந்தத் தொகை அல்ல. பதினோரு பேரில் இரண்டு பேர் மூன்று நாள் ஸ்டாலில் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் சரக்கு ஏற்றி இறக்கி அடுக்க வேண்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ஆலந்தூர் வரை ஆள் சுகமாகப் போய்விடலாம். இரும்பு மாதிரிகள் மெட்ரோவில் போகாது. அவற்றை டெம்போவில் ஏற்றி, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே நுழைத்து, ஊரின் மறுமுனை வரை கொண்டுபோக வேண்டும். எட்டு ஆள்-நாள் போகிறது. அது எனக்கு ஒரு சின்ன ஆர்டரின் அளவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால், வாடகையில் தரும் தள்ளுபடி நம் முடிவை மாற்றாது என்பது நமக்கே தெளிவாகத் தெரியும்.

பணம் மட்டுமே தடை என்றால், மறுப்பதற்கு முன் ஒரு நாள் செலவழித்து விசாரியுங்கள். உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசின் கொள்முதல், சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டத்தில் ஸ்டால் வாடகையின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது, தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. கிண்டியில் உள்ள எம்.எஸ்.எம்.இ. அலுவலகத்தில் கேட்டால் உங்கள் கண்காட்சி அதில் வருமா என்று சொல்லிவிடுவார்கள். அதையும் விசாரித்துவிட்டு மறுப்பது வேறு. விசாரிக்காமல் மறுத்துவிட்டு, பக்கத்துப் பட்டறைக்காரர் அதே திட்டத்தில் ஸ்டால் போட்டிருப்பதைப் பார்ப்பது வேறு.

மூன்றாம் படி: ஏற்கெனவே எதற்காவது சரி சொல்லிவிட்டோமா?

மறுப்பு எழுதும் முன் பழைய மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் ஒருமுறை புரட்டுங்கள். நீங்கள் சொன்னதை நீங்கள் மறந்திருப்பீர்கள். அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போன ஆண்டு மூடும் நாளில் "அடுத்த முறை கட்டாயம்" என்று சொல்லியிருக்கலாம். பட்டறையில் இன்னொருவர் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கலாம். கட்டைவிரல் படம் போட்டிருந்தால்கூட அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்டாலில் இது இன்னும் கறார். புரோஃபார்மா இன்வாய்ஸ் வந்திருப்பது மட்டும் உங்களைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட பதிவுப் படிவமோ, கட்டிய முன்பணமோ கட்டுப்படுத்தும். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் ரத்து விதி இருக்கும். நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். கடைசிக் கட்டத்தில் முழு வாடகையும் போகும். முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உங்கள் கடிதம் மறுப்புக் கடிதம் அல்ல, ரத்துக் கடிதம். அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, தேதியோடு, மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்ன ரத்துக்குத் தேதி கிடையாது.

நான் எனக்கு வைத்திருக்கும் கெடு இரண்டு வேலை நாள். அழைப்பு திங்கள்கிழமை வந்தால் புதன்கிழமைக்குள் பதில். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், தரைப்படம் வெளியாகும் முன் சொல்லும் மறுப்பு அவர்களுக்கு ஒரு தொலைபேசி வேலை. அச்சான பிறகு சொன்னால் மறு அச்சு, மறு பதிவு, தர்மசங்கடம். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் அதையே தேதியோடு சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் சொல்கிறேன். அதுவரை என் பெயரை எங்கும் போட வேண்டாம்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதை விட்டதால்தான் நான் அன்று அழைப்பிதழில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் படி: ஒரே காரணம், அதுவும் உண்மையானது

காரணம் ஒன்றுக்கு மேல் போனால் எதுவும் நிற்காது. "அந்த வாரம் வேலை, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, பேசியும் பழக்கமில்லை" என்று மூன்று சொன்னால், அவர்கள் இருப்பதில் பலவீனமானதைப் பிடித்துக்கொள்வார்கள். பேசிப் பழக்கமில்லையா, நாங்கள் கேள்வி-பதில் வடிவில் வைக்கிறோம் என்பார்கள். அதை மறுக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

பொய்க் காரணம் வடசென்னையில் செல்லாது. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "ஊரில் இருக்க மாட்டேன்" என்று சொன்னவர் அதே நாளில் தண்டையார்பேட்டை ஹார்டுவேர் கடையில் நின்றால், சாயங்காலத்துக்குள் சங்கத்துக்குத் தெரிந்துவிடும். பார்வையாளராகக்கூடக் கண்காட்சிக்குப் போக முடியாதபடி நீங்களே கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள்.

உண்மைக் காரணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. என் உண்மையான காரணம், ஜூலையில் ஓர் ஆலையின் பராமரிப்பு ஷட்டவுன். ஆலையை நிறுத்தி, குழாய் இணைப்புகளை எல்லாம் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் பழைய கேஸ்கெட்டை எடுத்துப் புதியது வைப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு "இந்த அளவில் இன்னும் நான்கு வேண்டும்" என்று தொலைபேசி வரும். அந்த நாட்களில் நான் பட்டறையை விட்டு நகர முடியாது. ஆனால் எந்த ஆலை எப்போது நிற்கிறது என்பது என்னுடைய செய்தி அல்ல, வாடிக்கையாளருடையது. போட்டியாளர்களும் சப்ளையர்களும் உட்கார்ந்திருக்கும் சங்கத்துக்கு அதை எழுத்தில் தருவது ஒப்பந்தத்தை மீறுவதாகக்கூட ஆகலாம். ஆகவே "அந்த மூன்று நாட்களும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது, நான் பட்டறையில் இருந்தாக வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உண்மைதான், யார் வீட்டு ரகசியமும் அதில் இல்லை.

உரையை மறுப்பதற்கும் இதே வகையில் ஒரு நியாயமான காரணம் உண்டு. கேஸ்கெட் கசிவு பற்றிப் பேச வேண்டுமானால் கசிந்த இணைப்பின் படத்தைக் காட்ட வேண்டும். அது யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் எடுத்த படம். அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காட்ட முடியாது. படமில்லாமல் பேசினால் அது விளம்பரம் போலத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: மாற்றைத் தயார் செய்துவிட்டு மறுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "என்னைவிட அவர் நன்றாகப் பேசுவார்" என்று நண்பரின் எண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நண்பருக்கு அன்று மாலை தொலைபேசி வரும்போதுதான் விஷயமே தெரியும். அவரும் மறுக்க வேண்டும், அதுவும் எதிர்பாராமல். சங்கத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு மறுப்பு. நம் சுமையை இறக்கிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்த கதைதான் இது.

நான் செய்தது இது. உரைக்கு இரண்டு பேரை யோசித்தேன். ஒருவர் ஓய்வு பெற்ற பராமரிப்புப் பொறியாளர், பெரம்பூரில் இருக்கிறார். ஆலைக்குள் முப்பது வருடம் இணைப்புகளைத் திறந்து மூடியவர். விற்பனையாளரான நான் பேசுவதைவிட அவர் பேசுவதைக் கேட்க ஆட்கள் வருவார்கள். அவரைக் கூப்பிட்டு நான்கு விஷயம் கேட்டேன். அந்தத் தேதி வசதிப்படுமா, எந்தத் தலைப்பில் பேசுவார், போக்குவரத்துக்கு யார் ஏற்பாடு செய்ய வேண்டும், அவருடைய எண்ணைத் தரலாமா. "தலைப்பை அவர்கள் மாற்றக் கூடாது, மற்றபடி சரி" என்றார். அவர் சொன்ன நிபந்தனையையும் கடிதத்தில் எழுதினேன். அவருடைய வீட்டிலிருந்து போய்வரும் வண்டிச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். பேச்சாளரும் கிடைத்து, செலவும் மிச்சம் என்றால் எந்தச் செயலாளர் வேண்டாம் என்பார்?

இரண்டாமவர் எங்கள் பட்டறையின் மூத்த ஃபிட்டர். அவருக்கு மேடைப் பேச்சு வராது, கை பேசும். எட்டு போல்ட் உள்ள ஃபிளான்ஜை வரிசையாகச் சுற்றி இறுக்கினால் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்துகொள்ளும். அதனால் எதிரெதிராகப் போக வேண்டும்: ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு, இரண்டு, ஆறு, நான்கு, எட்டு. அதுவும் ஒரே மூச்சில் அல்ல. முதல் சுற்றில் முழு இறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கடுத்து முழுமை, கடைசியாக வரிசையாக ஒரு சரிபார்ப்புச் சுற்று. இதை ஒரு ஃபிளான்ஜ் ஜோடியும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சும் வைத்துப் பத்து நிமிடத்தில் அவர் செய்துகாட்டுவார். உரையின் முடிவில் இதைச் சேர்க்கலாம் என்று எழுதினேன். ஆனால் ஷட்டவுன் நாளில் அவரும் எனக்கு வேண்டும். அரை நாள் மட்டும், இரண்டாம் நாள் காலை மட்டும் என்று அளவு போட்டுத்தான் தந்தேன். நமக்கு இல்லாத நேரத்தை மாற்றாகத் தந்துவிட்டால் மறுத்ததற்கே பொருளில்லை.

ஸ்டாலுக்கான மாற்று வேறு கணக்கு. முதலில் தோன்றுவது, பக்கத்துப் பட்டறையோடு ஸ்டாலைப் பங்கு போடுவது. ஜாக்கிரதை. எடுத்த ஸ்டாலை மற்றவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது என்று பெரும்பாலான பதிவுப் படிவங்களில் இருக்கும். அமைப்பாளரின் எழுத்து அனுமதியோடு இணைக் காட்சியாளராகப் பதிவு செய்யலாம், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். அனுமதியில்லாமல் நம் பெயர்ப் பலகையை அடுத்தவர் ஸ்டாலில் மாட்டினால், அகற்றச் சொல்லிவிடுவார்கள்.

நான் தந்தது ஒரு மாதிரிப் பலகை. மூன்று அடிக்கு இரண்டு அடி ஒட்டுப்பலகையில், பாதியாக வெட்டிய சுருள் கேஸ்கெட்டுகளைக் கம்பியால் கட்டினேன். வெட்டிய முகத்தில் உலோகப் பட்டையும் கிராஃபைட்டும் மாறி மாறிச் சுற்றியிருப்பது தெரியும். வெளி வளையத்தின் விளிம்பு நிறத்துக்கு விளக்கம் எழுதினேன்: மஞ்சள் என்றால் 304 வகை எஃகு, பச்சை என்றால் 316எல், சாம்பல் கோடு கிராஃபைட், வெள்ளைக் கோடு டெஃப்ளான். இதைச் சங்கத்தின் பொது ஸ்டாலில் வைக்கலாம். காவலுக்கு ஆள் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. கூடவே, கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பதினைந்து பேர் வரை பட்டறையைப் பார்க்க வரலாம் என்றும் எழுதினேன். ஆனால் ஸ்டால் விற்பவரின் கட்டத்துக்கு இவை பணம் தராது என்பதை நான் ஒளிக்கவில்லை. பணம் தர முடியாதபோது, அவருக்கு ஸ்டால் எடுக்கக்கூடிய இரண்டு பட்டறைகளைச் சொல்லலாம். அவர்களையும் முதலில் கேட்டுவிட்டு.

ஒரு கோரிக்கைக்கு மாற்றுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து எழுதினால் எதிலும் உங்களுக்கு மனமில்லை என்று தெரிந்துவிடும். "அடுத்த ஆண்டு வருகிறேன்" என்பதை மாற்றாக எழுதவே எழுதாதீர்கள், உண்மையிலேயே வரப்போகிறீர்கள் என்றால் ஒழிய. அவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: முதலில் பேச்சு, பிறகு எழுத்து

கடிதம் மட்டும் போனால் மூத்தவர்களுக்கு மனம் வருத்தப்படும். பேச்சு மட்டும் என்றால் "பார்க்கலாம்" கதைதான். ஆகவே பேசிவிட்டு, அன்றே எழுதுங்கள். காலை பத்து முதல் பதினொன்றரைக்குள் கூப்பிடுவது என் பழக்கம். கடை திறந்து முதல் வியாபாரம் முடிந்திருக்கும்.

"வணக்கம் சார், கடிதம் கிடைத்தது. என்னை நினைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி. இந்த வருடம் உரைக்கும் ஸ்டாலுக்கும் என்னால் வர முடியாது."

"என்ன தம்பி, உங்களை நம்பித்தானே தலைப்பே போட்டோம்?"

"அந்த மூன்று நாளும் ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது சார். ஆனால் தலைப்பு அப்படியே இருக்கட்டும். பேசுவதற்கு ஒருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். விவரத்தை மதியத்துக்குள் எழுதி அனுப்புகிறேன்."

"முடியாது" என்ற சொல் இரண்டாவது மூச்சிலேயே வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். நலம் விசாரித்து, மழை பேசி, மார்க்கெட் பேசி, கடைசியில் மறுப்பைச் சொன்னால், அவர் அதுவரை சம்மதம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நலம் விசாரிப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நேரில் தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு அழைக்க வருவார்கள். அப்போது தட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விழாவுக்கு விருந்தினராக வரும் அழைப்பு அது; அதை மறுப்பது அவமதிப்பு. மேடைக்கு வர முடியாது என்பதை மட்டும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் அல்லாமல், செயலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

நான் அனுப்பிய கடிதம்:

பொருள்: கருத்தரங்கு உரைக்கும் ஸ்டாலுக்கும் இந்த ஆண்டு இயலாமை, மாற்று ஏற்பாடு

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை மாதக் கண்காட்சியில் உரையாற்றவும் ஸ்டால் அமைக்கவும் அழைத்த தங்கள் கடிதம் திங்கள்கிழமை கிடைத்தது. இன்று காலை தொலைபேசியிலும் பேசினோம். அந்த மூன்று நாட்களும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை இருப்பதால் நான் பட்டறையில் இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டையும் ஏற்க இயலவில்லை. அழைப்பிதழிலும் தரைப்படத்திலும் எங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

உரைக்கு மாற்றாக, ஆலைப் பராமரிப்பில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் "ஃபிளான்ஜ் இணைப்பு ஏன் கசிகிறது" என்ற தலைப்பில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைப்பை மாற்ற வேண்டாம் என்பது அவர் கோரிக்கை. அவருடைய வண்டிச் செலவு எங்களுடையது. உரையின் முடிவில் எங்கள் ஃபிட்டர் பத்து நிமிடம் போல்ட் இறுக்கும் முறையைச் செய்துகாட்டுவார். இரண்டாம் நாள் காலை அமர்வில் மட்டுமே இது இயலும்.

ஸ்டாலுக்கு மாற்றாக, மூன்று அடிக்கு இரண்டு அடி அளவில் ஒரு மாதிரிப் பலகையைக் கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குள் தங்கள் பொது ஸ்டாலில் சேர்ப்போம். கண்காட்சிக்குப் பின் ஒரு சனிக்கிழமை பதினைந்து பேர் வரை எங்கள் பட்டறையைப் பார்வையிடலாம்.

இவற்றில் எது தங்களுக்குப் பயன்படும் என்பதை ஏப்ரல் 25-க்குள் தெரிவித்தால், அவர்களிடம் உறுதி செய்துவிடுகிறேன். அதற்குள் பதில் இல்லையெனில் தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்.

கடைசித் தேதி போட்டதைச் சிலர் கறாராக நினைப்பார்கள். தேதி இல்லையென்றால் அந்தப் பொறியாளர் ஜூலை வரை தன் நாளை யாருக்கும் தராமல் காத்திருக்க வேண்டும். பொறியாளரின் பெயரையும் எண்ணையும் கடிதத்தில் போடவில்லை என்பதையும் பார்த்திருப்பீர்கள். செயலாளர் சரி என்ற பிறகு அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். சங்கக் கடிதங்கள் குழுவில் சுற்றும் தன்மை கொண்டவை.

ஏழாம் படி: திரும்பவும் கேட்பார்கள்

கேட்பது அவர்கள் வேலை. "பதினைந்து நிமிடம் மட்டும்" என்பார்கள். பதினைந்து நிமிட உரைக்கும் திருவொற்றியூரிலிருந்து நந்தம்பாக்கம் போய்வர அரை நாள்தான். "வீடியோவில் பேசுங்கள்" என்பார்கள். முடியுமென்றால் செய்யுங்கள், ஆனால் ஷட்டவுன் நாளில் இணையத்தில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியை எடுக்காமல் இருக்க என்னால் முடியாது, அதனால் மறுத்தேன். "ஸ்டால் பாதி விலை" என்றார்கள். எட்டு ஆள்-நாள் கணக்கு கையில் இருந்தது. எந்தக் கேள்விக்கும் புதுக் காரணம் சொல்லவில்லை. "அந்த மூன்று நாளும் நான் பட்டறையில் இருக்க வேண்டும் சார்" என்ற அதே வாக்கியத்தை மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை அவரே சிரித்துவிட்டார்.

கஷ்டமானது, அழைப்பவரே வாடிக்கையாளராக இருப்பது. சங்கத்தின் பதவியில் இருப்பவர் உங்களிடம் கொள்முதல் செய்யும் நிறுவனத்தின் மேலாளராகவும் இருப்பார். அங்கே எழுத்துக்கு முன் நேரில் போங்கள். வேலை பேசப் போன நாளில் போகிறபோக்கில் சொல்லாமல், இதற்கென்றே போங்கள். ஆர்டர் பேச்சையும் மறுப்பையும் ஒரே சந்திப்பில் கலந்தால், ஒன்று மற்றொன்றின் விலையாகிவிடும்.

எட்டாம் படி: சொன்ன மாற்றை நீங்களே பின்தொடருங்கள்

மறுத்தவரின் வேலை கடிதத்தோடு முடிவதில்லை. அழைப்பிதழின் மாதிரியை அச்சுக்கு முன் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் பெயர் பழைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு "சிறப்பு விருந்தினர்" பட்டியலில் நின்றது, சொன்னதும் எடுத்துவிட்டார்கள். பொறியாளரின் தலைப்பில் "ஏன்" என்ற சொல்லை விட்டிருந்தார்கள். "ஃபிளான்ஜ் இணைப்பு கசிகிறது" என்று படித்தபோது ஏதோ அவசரச் செய்தி போல் இருந்தது. அதையும் திருத்தினோம்.

ஒரு வாரம் முன்பு பொறியாளருக்கு ஒருமுறையும், முந்தைய நாள் வண்டி ஓட்டுநருக்கு ஒருமுறையும் தொலைபேசி. பொறியாளர் வர முடியாமல் போயிருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். சங்கம் அப்படித்தான் நினைத்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை நான் பட்டறையில் 316எல் வளையம் கடைந்துகொண்டிருந்தபோது ஃபிட்டர் ஒரு சிறு வீடியோ அனுப்பினார். மேடைக்குக் கீழே ஒரு மேசை, அதன் மேல் ஃபிளான்ஜ், சுற்றிலும் ஏழெட்டு இளைஞர்கள். ஒரு பையன் வரிசையாகவே இறுக்கிக்கொண்டு போகிறான், இவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் இரண்டு ஃபிளான்ஜுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்துகாட்டுகிறார். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

மாதிரிப் பலகை நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. பச்சை விளிம்புத் துண்டு ஒன்றைக் காணவில்லை, கம்பியை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை கம்பிக்குப் பதில் ரிவெட் அடிக்க வேண்டும்.